‘பீதி’ என்னும் தீர்ப்பு
குஸ்தாவ் லெ பொன்னின் கும்பற் கோட்பாடும் ஹில்ஸ்பரோ நெரிசலும்: ஒரு விமர்சன நோக்கு

பெருந்தொகையான மக்கள் ஓரிடத்திற் கூடி, அவர்களுட் பலர் நெரிசலில் மாண்டுபோகும்பொழுது, அச்செய்தியைத் தரும் வாக்கியத்தின் எழுவாய் பெரும்பாலும் மக்களாகவே இருப்பதைக் காணலாம். ‘சனங்கள் முண்டியடித்தனர்’, ‘பீதியடைந்த கூட்டம் சிதறி ஓடியது’, ‘பலர் மிதிபட்டு இறந்தனர்’ என்றே பத்திரிகைகள் எழுதுகின்றன. வாயில் எத்தனை அடி அகலமுடையது, அதனை எவர் பூட்டினர், எவர் திறந்தனர் என்பன அவ்வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. ஆங்கிலத்தில் இத்தகைய நிகழ்வுக்கு வழங்கும் ‘ஸ்ரம்பீட்’ என்ற சொல் ஸ்பானிய மொழியினின்று வந்து, வெருண்டோடும் மாட்டுமந்தையைக் குறித்து வழங்கிய சொல்லாகும். மனிதரின் சாவை விளக்குவதற்கு மந்தையின் ஓட்டம் உவமையாகக் கொள்ளப்பட்டது வெறும் சொல்வழக்கு மட்டுமன்று. அதன் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. அக்கோட்பாட்டுக்கு ஒரு வரலாறும், அந்த வரலாற்றுக்கு ஒரு வர்க்கச் சார்பும் உண்டு. அதனை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற கல்லாக, 1989ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலுள்ள ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கிலே 97 உயிர்களைக் கொண்ட நெரிசலைக் கொள்ளலாம். நெரிசல்களுள் இதனைப்போல் நுணுக்கமாகவும் மீண்டும் மீண்டும் விசாரிக்கப்பட்டவை மிகச் சிலவே.

1. கோட்பாடும் அதன் பிறப்பும்

குஸ்தாவ் லெ பொன் கும்பலின் உளவியல் பற்றிய தமது நூலை 1895இற் பாரிசில் வெளியிட்டார். தனித்தனியாக நிற்கும்போது அறிவுடையோராய் இருப்பவர்கள் கூட்டமாகச் சேர்ந்ததும் அவ்வறிவை இழந்துவிடுகின்றனர் என்பதே அந்நூலின் அடிப்படை வாதம். இதற்கு அவர் மூன்று காரணங்களைக் கூறினார். கூட்டத்தில் ஒருவன் முகமற்றவனாகிவிடுவதால் பொறுப்புணர்ச்சியை இழக்கிறான். உணர்ச்சிகள் தொற்றுநோய்போல் ஒருவரிலிருந்து மற்றவருக்குப் பரவுகின்றன. அறிதுயிலில் ஆழ்ந்தவனைப்போல எத்தூண்டுதலுக்கும் அவன் இணங்கிவிடுகிறான். இவ்வாறு பல மனங்கள் அழிந்து ஒரே ‘கும்பல் மனம்’ உருவாகின்றது என்பது அவர் முடிபு. அக்கும்பல் மனத்தை அவர் பெண்களின் மனத்தோடும், குழந்தைகளின் மனத்தோடும், தாம் ‘கீழ்நிலை’ எனக் கருதிய இனத்தாரின் மனத்தோடும் ஒப்பிட்டார்.

லெ பொன்னுக்கு நியாயஞ் செய்வதாயின் ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். கூட்டம் கொடுமை மாத்திரமே செய்யுமென அவர் கூறவில்லை. அது தியாகமும் வீரமும் புரியக்கூடும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயின் தியாகம் புரிந்தாலும் கொலை புரிந்தாலும் அது சிந்தித்துச் செய்வதன்று என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இக்கருத்து எக்காலத்தில் எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கொம்யூனைப் பிரெஞ்சு உடைமை வர்க்கத்தார் மறக்கவில்லை. வேலைநிறுத்தங்களும் மேதின ஊர்வலங்களும் பெருகிய காலம் அது. தெருவில் இறங்கிய மக்களுக்குக் கோரிக்கை இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால் அதற்கு மறுமொழி கூறவேண்டிவரும். அவர்களுக்கு மனமே இல்லையென்றால் அந்தத் தேவை எழாது. லெ பொன்னின் நூல் இவ்வகையில் ஒரு விளக்கமாக மட்டுமன்றி ஒரு விடுதலைப் பத்திரமாகவும் பயன்பட்டது. கூட்டத்தை எதிர்கொள்வோரைக் காரணந் தேடும் கடமையிலிருந்து அது விடுவித்தது.

கூட்டத்தைச் சூழலினின்று பிரித்தெடுத்து நோக்கியமையே லெ பொன்னின் முறையியலிலுள்ள பெருங்குறையாகும். அவர் நூலிற் கூட்டம் மட்டுமே உண்டு. கூட்டத்துக்கு எதிரே நிற்கும் காவற்படையோ, கூட்டம் நிற்கும் தெருவின் அகலமோ, அதற்கு முன்னர் நடந்தவையோ அதில் இல்லை. ஒரு நிகழ்ச்சியின் ஒரு பாதியை மறைத்துவிட்டால் எஞ்சிய பாதி புத்தியற்றதாகத் தோன்றுவது இயல்பே. இக்குறை வெறும் ஏட்டுக்குறையன்று, உயிர்க்கொலைக்கு வழிவகுக்கும் குறை என்பதை ஹில்ஸ்பரோ காட்டுகின்றது.

2. ஹில்ஸ்பரோவில் நடந்தது

1989 ஏப்ரில் 15ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு லிவர்ப்பூல், நொட்டிங்ஹாம் பொறஸ்ற் ஆகிய இரு கழகங்களுக்கும் இடையே உதைபந்தாட்ட அரையிறுதிப்போட்டி தொடங்கவிருந்தது. லிவர்ப்பூல் ஆதரவாளர்களுக்கு மைதானத்தின் மேற்குப்புறமான லெப்பிங்ஸ் லேன் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கு நின்று பார்ப்பதற்குரிய படிமேடைக்கு 10,100 நுழைவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. அவர்கள் யாவரும் உட்செல்வதற்கென இருந்தவை ஏழே ஏழு சுழற்கதவுகளாகும்.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தல் நன்று. ஒரு சுழற்கதவு மணிக்கு 750 பேரை உள்ளே விடும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஏழு கதவுகளும் மணிக்கு 5,250 பேரையே விட முடியும். 10,100 பேரும் உட்செல்ல ஏறத்தாழ இரண்டு மணிநேரம் வேண்டும். அதாவது, பிற்பகல் ஒரு மணிக்கே வாயிலில் வரிசை நிறைந்திருந்து, அது ஒரு கணமேனும் தடைப்படாது நகர்ந்தால் மாத்திரமே அனைவரும் மூன்று மணிக்குள் அரங்கினுள் நின்றிருப்பர். ஆட்டம் பார்க்க வருவோர் அவ்வாறு வருவதில்லை. பெரும்பாலோர் கடைசி ஒரு மணிநேரத்திலேயே வருவர். அன்று இரண்டரை மணியளவில் அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் வெளியிலேயே இருந்தனர். எஞ்சிய அரைமணிநேரத்தில் அக்கதவுகள் விடக்கூடியவர்களோ இரண்டாயிரத்து அறுநூறு பேரளவிலேயே. ஆகவே வாயிலில் நெருக்கடி உண்டாகுமென்பது எவருடைய மனநிலையையும் பொறுத்ததன்று. அது வகுத்தற் கணக்கின் விடை.

வெளியே நெருக்கம் உயிராபத்தாக முற்றியபோது, பிற்பகல் 2.52 மணிக்கு, ‘சீ’ எனப் பெயரிடப்பட்ட பெரிய வெளியேறும் வாயிலைத் திறக்கும்படி போட்டிக்குப் பொறுப்பான பொலிஸ் அதிகாரி உத்தரவிட்டார். ஏறத்தாழ 2,000 பேர் சில நிமிடங்களில் அதனூடாக நுழைந்தனர். நுழைந்தவர்களுக்கு நேரெதிரே ஒரு சுரங்கவழி தெரிந்தது. ‘நிற்குமிடம்’ என்னும் அறிவிப்பு அதன் மேலே இருந்தது. படிமேடை முழுவதுக்கும் அதுவே வழியென எவரும் எண்ணியிருப்பர். உண்மையில் அவ்வழி படிமேடையின் நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் அடைப்புகளுக்கே இட்டுச்சென்றது. அவ்விரண்டும் அதற்கு முன்னரே நிரம்பியிருந்தன. இருபக்கங்களிலுமிருந்த அடைப்புகளில் தாராளமாக இடமிருந்தது. ஆயின் அவற்றுக்குச் செல்லும் வழியைக் காட்டும் தெளிவான பலகையோ, காட்டும் மனிதரோ அங்கு இல்லை.

முந்திய ஆண்டு, 1988இல், இதே இரு கழகங்களும் இதே மைதானத்தில் இதே கட்டத்திற் போட்டியிட்டன. அவ்வேளை நடு அடைப்புகள் நிரம்பியதும் சுரங்கவழியின் வாயிலை மறித்து, வருவோர் பக்கங்களுக்குத் திருப்பப்பட்டனர். 1989இல் அவ்வாறு செய்யப்படவில்லை. பொறுப்பதிகாரி அப்பதவிக்குச் சில வாரங்களுக்கு முன்னரே வந்தவர். முந்திய ஆண்டின் அனுபவம் எழுத்தில் இடம்பெற்ற ஒழுங்குவிதியாக இல்லாமல், சிலருடைய நினைவில் மட்டுமே இருந்தமையால் ஆட்கள் மாறியதும் அது மறைந்துபோயிற்று.

சுரங்கவழி ஆறுக்கு ஒன்று என்ற சாய்வில் கீழ்நோக்கி இறங்கியது. பாதுகாப்பு வழிகாட்டி அனுமதித்த சாய்வு பத்துக்கு ஒன்று மாத்திரமே. இறங்குபவர் தம்மை அறியாமலே முன்னால் நிற்பவர்மீது பாரத்தைச் செலுத்துவர். பின்னாலிருப்பவர் நிற்கவிடார். அடைப்புகளின் பக்கங்களிலும் முன்புறத்திலும் உயர்ந்த இரும்புவேலி இருந்தது. மைதானத்தை நோக்கித் திறக்கும் சிறுவாயில்கள் பூட்டப்பட்டிருந்தன. மூன்றாம் அடைப்பில் இருந்த நெரிசல்தாங்கிக் கம்பியொன்று முறிந்து வீழ்ந்தது. மூன்று மணி ஆறு நிமிடமளவில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. 95 பேர் அந்நாட்களிலும், ஒருவர் 1993இலும், மற்றொருவர் அன்றைய காயத்தின் விளைவாக 2021இலும் இறந்தனர்.

3. ‘பீதி’ எங்கே இருந்தது?

பீதி என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கவேண்டுமாயின் அது குறைந்தது மூன்று கூறுகளைக் கொண்டிருத்தல் வேண்டும். ஓர் அபாயத்தைக் கண்டு அதனின்று தப்பியோட முனைதல் முதலாவது. அவ்வோட்டத்திற் பகுத்தறிவு அழிந்துபோதல் இரண்டாவது. தன்னுயிரைக் காக்கப் பிறரைத் தள்ளி மிதித்தல் மூன்றாவது. இவை மூன்றையும் ஹில்ஸ்பரோவோடு ஒப்புநோக்கலாம்.

முதலாவதாக, அங்கு எவரும் எதனிடமிருந்தும் ஓடவில்லை. தீயில்லை, வெடியில்லை, வதந்தியுமில்லை. சுரங்கவழியில் நடந்தவர்கள் தாம் விரும்பி வந்த ஆட்டத்தை நோக்கியே நடந்தனர்.

இரண்டாவதாக, அவர்கள் செய்தது அறிவுக்குப் பொருந்தாத செயலுமன்று. வாயிலைக் காவலரே திறந்தனர், எதிரே வழி தெரிந்தது, அதன்மேல் அறிவிப்பும் இருந்தது. அவ்வழியே செல்லுதலைவிட இயல்பான செயல் வேறெதுவுமில்லை. சிக்கல் அறிவிலன்று, அறிதலிலே இருந்தது. பெருங்கூட்டத்திற் பின்வரிசையில் நிற்பவருக்கு முன்வரிசையில் நிகழ்வது தெரியாது. சில மீற்றர் தூரத்தில் ஒருவர் மூச்சுக்குத் தவிப்பதை இடையிலுள்ள முதுகுகள் மறைத்துவிடுகின்றன. முன்னாலிருந்து எழும் அலறல் ஆட்டக்களத்தின் ஆரவாரமாகவே காதில் விழுகின்றது. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே செய்தி செல்லும் வழியைக் கூட்டம் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. அதனை உண்டாக்கவேண்டியவர்கள் உயரத்திலிருந்து முழுவதையும் பார்ப்பவர்களே. ஹில்ஸ்பரோவிற் காவற்படையின் கட்டுப்பாட்டறை அவ்வடைப்புகளை மேலிருந்து நோக்கும்வண்ணம் அமைந்திருந்தது. அதனிடத்திற் கமராக்களும் இருந்தன.

மூன்றாவதாக, நெரிபட்டோர் ஒருவரையொருவர் மிதித்துக் கொன்றனர் என்பதும் உண்மைக்குப் புறம்பானது. இத்தகைய நிகழ்வுகளில் மரணம் எவ்வாறு நேர்கிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். ஒரு சதுர மீற்றரில் நான்கு பேர் நிற்கும்போது அசைவு கடினமாகின்றது. ஏறத்தாழ ஏழு பேராகும்போது தனிமனிதர் தம் உடலின்மேல் ஆட்சியை இழக்கின்றனர். கூட்டம் நீரைப்போலாகிவிடுகிறது, ஒரு மூலையில் உண்டாகும் தள்ளுகை அலையாகப் பரவி மறுமூலையில் ஒருவரை நிலத்தினின்று தூக்கிவிடும் என அமெரிக்கப் பொறியியலாளர் ஜோன் புறூயின் விளக்கினார். அந்நிலையில் நெஞ்சு விரிவதற்கு இடமில்லை. நெஞ்சு விரியாவிடில் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. மனிதர் நின்றநிலையிலேயே, கைகளை உயர்த்தக்கூட இயலாமல், சில நிமிடங்களில் உயிர் விடுகின்றனர். ஹில்ஸ்பரோவில் மாண்டோரிற் பெரும்பாலோர் மாண்டது இவ்வாறேயாகும். ‘மிதிபட்டு’ என்ற சொல் ஒரு கொலைகாரக் காலை உள்ளடக்கியது. நெஞ்சை நெருக்கியதோ எவருடைய காலுமன்று, எல்லோருடைய பாரமும் ஆகும்.

அவ்வேளையிலும் மக்கள் மக்களாகவே இருந்தனர் என்பதற்குச் சான்றுகள் பல உள. மேல்மாடத்தில் இருந்தவர்கள் கீழே கைநீட்டிப் பலரை மேலே இழுத்தெடுத்தனர். அடைப்பினுள் நின்றவர்கள் சிறுவர்களைத் தலைக்கு மேலாக முன்னே கடத்தினர். தப்பி வெளிவந்தவர்கள் விளம்பரப் பலகைகளைப் பெயர்த்தெடுத்து, அவற்றில் வீழ்ந்தவர்களை ஏற்றி, மைதானத்தின் மறுமுனைக்குச் சுமந்து ஓடினர். இத்தகைய நடத்தை ஹில்ஸ்பரோவுக்கு மட்டும் உரியதன்று. 1979 டிசம்பரில் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் இசைநிகழ்ச்சியொன்றின் வாயிலில் 11 பேர் நெரிசலில் இறந்தபோது, இரசிகர்கள் இரக்கமற்றுப் பிறரை மிதித்தேறினர் என்றே முதலில் எழுதப்பட்டது. சாட்சியங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் நொறிஸ் ஜோன்சன், பிறருக்கு உதவும் முயற்சியே அங்கு பரவலாகக் காணப்பட்டதென 1987இல் எடுத்துக்காட்டினார். ஆபத்திற் சிக்கித் தப்பியவர்களிடையே ஜோன் டிறூறியும் அவருடைய சகஆய்வாளர்களும் பின்னர் செய்த ஆய்வுகள் இதனை ஒருபடி மேற்கொண்டு சென்றன. பொது ஆபத்து ‘நாம்’ என்னும் உணர்வைத் தோற்றுவிக்கிறது, அவ்வுணர்வு அறிமுகமற்றோரையும் உதவத் தூண்டுகிறது என்பதே அவற்றின் பேறு. லெ பொன் கூட்டத்தில் மனம் அழிவதாகக் கண்ட இடத்தில், இவர்கள் ‘நான்’ என்பது ‘நாம்’ என விரிவதைக் கண்டனர்.

4. கோட்பாடு கொலைக்கருவியானமை

இதுகாறும் கூறியவற்றால் லெ பொன்னின் கோட்பாடு உண்மைக்குப் பொருந்தாதது என்பது மட்டுமே பெறப்படும். அதனினும் பாரதூரமானது வேறொன்று உண்டு. அக்கோட்பாட்டை நம்பியவர்கள் அதற்கேற்ப இரும்பையும் கொங்கிறீற்றையும் கொண்டு ஓர் உலகைக் கட்டினர். அவ்வுலகே ஹில்ஸ்பரோவில் மனிதரைக் கொன்றது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட இரசிகர் பெரும்பாலும் தொழிலாளர் வர்க்கத்தினர். அவர்களுட் சிலர் செய்த கலகங்கள் உண்மையானவை. 1985இற் பிரசெல்ஸ் நகரின் ஹெய்செல் அரங்கில் 39 பேர் இறந்தமைக்கு லிவர்ப்பூல் ஆதரவாளர் சிலரின் வன்முறை முக்கிய காரணமாயிற்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயின் சிலரது குற்றம் எல்லோரது இயல்பாகக் கொள்ளப்பட்டது. ஆட்டம் பார்க்க வருபவர் விருந்தாளியாகவன்றி அடக்கவேண்டிய கும்பலாகவே நோக்கப்பட்டார். வேலிகள் எழுந்தன. அடைப்புகள் பிரிக்கப்பட்டன. பொலிசாரின் ஆயத்தங்கள் ஒழுங்குக்குலைவைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. மூச்சுவிட இடமிருக்கிறதா என்று பார்ப்பது எவருடைய கடமையாகவும் தெளிவாக வகுக்கப்படவில்லை.

இதற்குத் தெளிவான உதாரணம் 1981இல் இதே அரங்கில் நிகழ்ந்தது. அவ்வாண்டு அரையிறுதிப்போட்டியொன்றில் லெப்பிங்ஸ் லேன் படிமேடையிலே நெரிசல் ஏற்பட்டு 38 பேர் காயமுற்றனர். அன்று உயிர்கள் பிழைத்தமைக்கு, மக்கள் மைதானத்தின் ஓரத்துக்கு வர விடப்பட்டமை ஒரு காரணம். அதனைத் தொடர்ந்து செய்யப்பட்ட மாற்றமோ, படிமேடையைக் குறுக்குவேலிகளாற் பிரித்தமையாகும். அதனால் ஒரு பகுதியில் நெருக்கம் மிகும்போது பக்கவாட்டில் விலகிச்செல்லும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. 1979இல் வழங்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழோ இம்மாற்றங்களுக்கேற்பத் திருத்தப்படவில்லை. நடு அடைப்புகள் இரண்டும் 2,200 பேரைக் கொள்ளும் என்பதே அதிகாரபூர்வமான கணக்கு. முறையாகக் கணக்கிட்டால் 1,693 பேருக்கு மேல் விட்டிருத்தலாகாது என 1989இல் விசாரணை நடத்திய நீதியரசர் டெய்லர் கண்டார். அந்த எண்ணிக்கையைக் காக்கவும் வழியில்லை. சுழற்கதவுகள் படிமேடை முழுவதுக்குமாக உட்சென்றோரை எண்ணினவேயன்றி, எந்த அடைப்பில் எத்தனை பேர் என்பதை எதுவும் எண்ணவில்லை. மக்கள் தாமாகவே இடம் பார்த்துப் பரவிக்கொள்வர் என விடப்பட்டனர். கூட்டத்துக்கு அறிவில்லை என்று வேலி கட்டியவர்கள், இடந்தேடிப் பரவும் பொறுப்பை மாத்திரம் அக்கூட்டத்தின் அறிவுக்கே விட்டமை விந்தையே.

அன்றைய பிற்பகலிலும் கோட்பாடு கண்ணை மறைத்தது. நெரிபட்டவர்கள் வேலியில் ஏற முயன்றபோது, ஆட்டக்களத்துள் அத்துமீறும் முயற்சியாகவே அது முதலில் கருதப்பட்டது. காப்பாற்றும் பணி தொடங்கவேண்டிய நேரத்தில், இருதரப்பு இரசிகரும் மோதாதிருக்கும்பொருட்டு மைதானத்தின் குறுக்கே பொலிசார் வரிசையாக நிறுத்தப்பட்டனர். மூச்சுத்திணறும் மனிதனுக்கும் கலகக்காரனுக்கும் வேறுபாடு காண இயலாதிருந்தமைக்குக் காரணம் பார்வைக்குறையன்று. கண் எதனைக் காணும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட எண்ணமே அது.

இறந்த பின்னரும் அவ்வெண்ணம் அவர்களை விடவில்லை. இரசிகர்கள் வாயிலை உடைத்து நுழைந்தனர் என்று பொறுப்பதிகாரி அன்றே உதைபந்தாட்டச் சங்கத்தின் அலுவலரிடம் கூறினார். உண்மையில் வாயில் திறக்கப்பட்டது அவருடைய உத்தரவினாலேயே. இறந்தோரின் இரத்தத்தில், சிறுவர் உட்பட, மதுவின் அளவு சோதிக்கப்பட்டது. நான்கு நாள்களின் பின்னர் ‘சன்’ என்னும் தினசரி, இரசிகர்கள் இறந்தவர்களிடம் திருடினர் என்றும் காவலரைத் தாக்கினர் என்றும் ‘உண்மை’ என்ற தலைப்பின் கீழ் முதற்பக்கத்தில் எழுதியது. அதே ஆண்டு ஓகஸ்ற்றில் வெளியான டெய்லரின் இடைக்கால அறிக்கை, அழிவுக்கு முதன்மைக் காரணம் பொலிஸ் கட்டுப்பாடு தவறியமையே எனத் தெளிவாகக் கூறியது. எனினும் 1991இல் மரணவிசாரணை மன்று ‘விபத்து மரணம்’ என்றே தீர்ப்பளித்தது. 2012இற் சுயாதீனக் குழுவொன்று ஆவணங்களை ஆராய்ந்தபோது 164 பொலிஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தமையும், அவற்றுள் 116இல் பொலிசாருக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டிருந்தமையும் வெளிவந்தன. 2016இல் இரண்டாவது மரணவிசாரணையின் யூரிமார், மாண்டோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகரின் நடத்தை அதற்குக் காரணமாகவில்லை என்றும் தீர்ப்பு வழங்கினர். ஒரு சொல்லை நீக்குவதற்கு மாண்டோரின் குடும்பத்தினருக்கு 27 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

5. சமூகவியல் விளக்கத்தின் எல்லை

லெ பொன்னை மறுக்கும் வேகத்தில் எதிர்த்திசையில் தவறுவதும் எளிது. இங்கு இரண்டு கருத்துகள் தெளிவுபெறல் வேண்டும்.

நெரிசலுக்குச் சமூகக் காரணம் உண்டு என்பதால் அதன் இயற்பியல் பொய்யாகிவிடாது. ஒரு சதுர மீற்றரில் ஏழு பேர் நின்றால், அவர்கள் எத்துணை அன்பினராயினும், ஒருவர்மேல் ஒருவர் பாரமாவர். ‘நாம்’ என்னும் உணர்வு மூச்சுக்கு இடந்தராது. சமூகக் காரணங்கள் தொழிற்படுவது அந்நிலைக்கு முன்னரேயாகும். எத்தனை சீட்டு விற்பது, எத்தனை கதவு வைப்பது, எந்த வழியை மறிப்பது, எவருடைய முறைப்பாட்டை நம்புவது என்பன தீர்மானிக்கப்படும் இடங்களிலேயே அவை தொழிற்படுகின்றன. நெருக்கம் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னர், உள்ளே நிற்பவரால் ஆகக்கூடியது மிகச் சிறிதே. ஆகவேதான் ‘அமைதியாக இருந்திருந்தால் தப்பியிருக்கலாம்’ என்னும் அறிவுரை பொருளற்றதாகின்றது.

இரண்டாவதாக, கும்பல் என்னும் அரக்கனின் இடத்திலே தனி அதிகாரி என்னும் அரக்கனை நிறுத்துவதும் விளக்கமாகாது. 2019இல் குற்றவியல் நீதிமன்றம் ஹில்ஸ்பரோப் பொறுப்பதிகாரியைக் குற்றவாளியல்லர் என விடுவித்தது. முந்திய தீர்ப்போடு இது முரண்படுவதாகத் தோன்றும். ஆயின் சட்டம் ஒரு மனிதனைத் தேடுகின்றது. காரணமோ சான்றிதழைத் திருத்தாத நகரசபையிலும், கதவுகளைக் கூட்டாத கழகத்திலும், அவ்வரங்கைத் தெரிவுசெய்த சங்கத்திலும், முந்திய ஆண்டின் பாடத்தை எழுதிவைக்காத பொலிஸ் நிர்வாகத்திலும் பரந்து கிடந்தது. அவர் தவறிழைத்தார். ஆயின் ஒருவர் தவறினால் தொண்ணூற்றேழு பேர் சாகும்படி அந்த இடம் அதற்கு முன்னரே ஆயத்தமாயிருந்தது.

ஒழுங்கமைப்பாளரே இல்லாத கூட்டத்துக்கு இவ்விளக்கம் பொருந்துமா என்ற வினா எழலாம். 2022 ஒக்ரோபர் 29ஆம் திகதி தென்கொரியாவின் சியோல் நகரிலுள்ள இதேவொன் பகுதியில், ஒடுங்கிய சரிவான ஒழுங்கையொன்றில் ஏற்பட்ட நெரிசலில் 159 பேர் உயிரிழந்தனர். அங்கு சீட்டு விற்றவர் எவருமில்லை. பண்டிகையிரவுக்கு இளைஞர் தாமாகவே திரண்டனர். ஆயின் நெரிந்து சாகப்போகிறார்கள் என்று பொலிசாருக்கு முதலாவது தொலைபேசி அழைப்பு மாலை 6.34க்கே சென்றது. உயிர்கள் பறிபோனது இரவு பத்தேகாலுக்குப் பின்னர். இடைப்பட்ட மூன்றரை மணிநேரத்தில் மேலும் பல அழைப்புகள் சென்றன. அழைத்தவர்கள் அக்கூட்டத்தின் உறுப்பினரே. லெ பொன் மனமிழந்ததாகக் கூறிய கூட்டம் அங்கு முன்னறிந்தது, எச்சரித்தது, வழியும் கேட்டது. செவிமடுக்க வேண்டியவர்கள் செவிமடுக்கவில்லை. ஒழுங்கமைப்பாளர் இல்லாத இடத்திற் பொறுப்பு இல்லாமற் போவதில்லை. தெருவையும் தெருவிளக்கையும் ஆள்வோரிடம் அது சென்றடைகின்றது.

6. வாக்கியத்தின் எழுவாய்

லெ பொன்னின் நூல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் வாழ்வதற்குக் காரணம் அதன் ஆழமன்று, அதன் பயன்பாடு. ஒரு நெரிசல் நிகழ்ந்த மறுகணமே ஆயத்தமாகக் கிடைக்கும் விளக்கம் அது. அதற்குக் கணக்கு வேண்டியதில்லை, ஆவணம் வேண்டியதில்லை. மாண்டவர் மறுத்துரைக்கவும் மாட்டார்.

அவ்விளக்கத்தை ஏற்பதற்கு முன்னர் கேட்கவேண்டிய வினாக்களை ஹில்ஸ்பரோ வகுத்துத் தந்திருக்கிறது. கூட்டம் எதனிடமிருந்தாவது ஓடியதா, எதனை நோக்கியாவது சென்றதா? உட்செல்லும் வழிகளின் கொள்ளளவும் வந்தோரின் தொகையும் நேரமும் ஒன்றுக்கொன்று பொருந்தினவா? பின்னால் நின்றவருக்கு முன்னால் நடப்பதை அறிவிக்க எவர் இருந்தார்? அதே இடத்தில் முன்னர் காயமுற்றோர் உண்டா, அதன் பின்னர் மாற்றப்பட்டது என்ன? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரும் எஞ்சுவது ஏதேனும் இருந்தால், அதனைப் பீதி என்று அழைக்கலாம். ஹில்ஸ்பரோவில் எஞ்சியது எதுவுமில்லை.

லெப்பிங்ஸ் லேன் சுரங்கவழியில் நடந்தவர்கள் திறந்த வாயிலூடாக நுழைந்து, எழுதிய பலகையைப் பார்த்து, கண்ட வழியே சென்றனர். ‘மக்கள் முண்டியடித்தனர்’ என்ற வாக்கியத்தின் எழுவாயை மாற்றி, ‘வழி மறிக்கப்படவில்லை’ என்று எழுதினால், அன்று நடந்தது முழுவதும் அந்த இரண்டு சொற்களுள் அடங்கிவிடுகின்றது.